2,907 ரூபாய் எங்கே போனது? ரொக்க ஏட்டையும் வங்கி ஸ்டேட்மெண்டையும் ஒத்துப் பார்க்கும் முறை

மண்ணடியில் ஓர் இரும்புச் சாமான் கடைக்குக் கணக்கு எழுதிவருகிறேன். போல்ட்டு, நட்டு, சங்கிலி, கம்பி வடம் ஆகியவைதான் அங்கே பெரும்பாலான வியாபாரம். 2025 மே மாதக் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது, ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் மே 31 இருப்பு 2,86,450 ரூபாய். அதே நாளுக்கு வங்கி ஸ்டேட்மெண்டில் 2,89,357 ரூபாய். வங்கியில் 2,907 ரூபாய் கூடுதலாக இருந்தது.

கடை உரிமையாளரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் அழைப்போம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கூடத்தானே இருக்கிறது தம்பி, வட்டியாக இருக்கும், அப்படியே எழுதிவிடுங்கள்" என்றார். அது நடப்புக் கணக்கு. நடப்புக் கணக்கில் வட்டி வராது. என்னிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் பி.காம். முடித்தவன். அவன் 2,907-ஐ ஒன்பதால் வகுத்தான், மீதியில்லாமல் 323 வந்தது. "அண்ணா, ஒன்பதால் வகுபடுகிறது. எங்கேயோ எண் இடம் மாறியிருக்கிறது" என்று அரை நாள் ஏட்டைப் புரட்டினான். 2,907-க்குப் பொருந்தும் பதிவு எதுவும் கிடைக்கவில்லை.

கிடைக்காததில் வியப்பில்லை. 2,907 என்பது ஒரு பிழையின் தொகையே அல்ல. ஏழு தனித்தனிக் காரணங்கள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் கடைசியில் மிஞ்சிய எண் அது. அவற்றில் ஒன்று, திரும்பி வந்த 25,000 ரூபாய் காசோலை. வித்தியாசம் சிறியது என்று எழுதித் தள்ளியிருந்தால் அந்தக் காசோலை யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. ஆகவே புதிதாகக் கணக்கு எழுத வருகிறவர்கள் வித்தியாசத் தொகையைத் துரத்த வேண்டாம். பதிவுகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். அந்த மே மாதத்தையே எடுத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

உட்காரும் முன்

மாதக் கடைசி நாளன்றே இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அடுத்த மாதம் நான்கைந்து நாள் போகட்டும். மே மாத வேலையை நான் ஜூன் 4-ஆம் தேதி எடுத்தேன். மே 1 முதல் ஜூன் 4 வரைக்குமான ஸ்டேட்மெண்டை வாங்கிக்கொண்டேன். ஒத்துப் பார்க்கும் இருப்பு மே 31-க்கு உரியதுதான். ஆனால் மாதக் கடைசியில் போட்ட காசோலைகள் உண்மையிலேயே வந்து சேர்ந்தனவா என்பதற்கு ஜூன் மாதத்தின் முதல் சில வரிகள்தான் சாட்சி.

ஸ்டேட்மெண்டோடு இன்னும் மூன்று பொருள்கள் மேஜையில் இருக்க வேண்டும்: காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், வங்கி முத்திரை பெற்ற செலுத்துச் சீட்டுகள், ஏட்டு இருப்புக்கும் வங்கி இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் காரணங்களைக் காட்டி சென்ற மாதம் தயாரித்த சரிக்கட்டும் பட்டியல். மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பற்று, வரவு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. நாம் வங்கியில் பணம் போட்டால் நமது ஏட்டில் அது பற்று, வங்கி ஸ்டேட்மெண்டிலோ வரவு. நமக்குச் சொத்தாக இருக்கும் பணம், வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் என்பதே காரணம். எனவே நமது ஏட்டின் பற்றுப் பக்கத்தை ஸ்டேட்மெண்டின் வரவுப் பத்தியோடும், வரவுப் பக்கத்தை அங்குள்ள பற்றுப் பத்தியோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். கடைக்கு ஓவர்டிராப்ட் அல்லது கேஷ் கிரெடிட் கணக்கு இருந்தால், ஸ்டேட்மெண்டில் இருப்பே பற்றாக இருக்கும். அப்போது நாம்தான் கடன்காரர். கூட்டல் கழித்தல் குறிகளை அங்கே கவனமாகத் திருப்பிப் போட வேண்டும்.

தொடக்க இருப்பிலிருந்து ஆரம்பியுங்கள்

மே 1-ஆம் தேதி ஏட்டிலும் ஸ்டேட்மெண்டிலும் இருந்த தொடக்க இருப்புகளே சமமாக இல்லை. ஸ்டேட்மெண்டில் 6,200 ரூபாய் கூடுதல். ஏப்ரல் பட்டியலைப் பார்த்தால் காரணம் எழுதியிருந்தது. ஏப்ரல் 29 அன்று கொடுத்த ஒரு காசோலை அந்த மாதத்துக்குள் வங்கிக்கு வரவில்லை. மே 3 அன்றுதான் பணமானது. மே மாத ஏட்டில் இந்தக் காசோலையைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் ஏப்ரலிலேயே எழுதியாகிவிட்டது. பழைய பட்டியலைப் பார்க்காதவர் வங்கி தவறாகப் பணம் எடுத்துவிட்டதென்று நினைத்துச் சண்டைக்குப் போவார்.

தொடக்க வித்தியாசத்துக்குப் பழைய பட்டியல் முழுமையாகப் பதில் சொன்னால் மட்டும் மே மாதத்துக்குள் நுழையுங்கள். சொல்லாவிட்டால் பிழை ஏப்ரலிலோ அதற்கு முன்போ இருக்கிறது. மே மாதத்தில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது.

டிக் அடிக்கும் முறை

ஏட்டில் ஒரு வரி, ஸ்டேட்மெண்டில் அதற்கு இணையான வரி. இரண்டுக்கும் பென்சிலால் டிக். கேட்க எளிது, ஆனால் வேலை கெடுவதும் இங்கேதான். காசோலை என்றால் எண்ணும் தொகையும் இரண்டுமே ஒத்திருக்க வேண்டும். தேதி மட்டும் முன்பின் இருக்கலாம். எங்கள் பையன் காசோலை எண்ணைப் பார்த்தவுடன் டிக் அடித்துக்கொண்டே போனான், தொகையை வாசிக்கவில்லை. அதன் விலை என்னவென்று பின்னால் வருகிறது.

தொகை மட்டும் ஒத்திருந்தாலும் போதாது. ஒரே மாதத்தில் 5,000 ரூபாய் நான்கு முறை வந்திருந்தால், எது யாருடையது என்று விவரப் பத்தியைப் படித்துத்தான் இணைக்க வேண்டும். டேலி போன்ற மென்பொருளில் வங்கித் தேதியை நிரப்பி ஒத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, நேரமும் மிச்சமாகிறது. ஆனாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு அச்சிட்ட தாளில் பென்சிலோடு செய்து பழகுங்கள். ஒவ்வொரு வரியையும் வாயால் படித்துப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

டிக் அடித்து முடித்தபின் இரு பக்கமும் டிக் இல்லாத வரிகள் சில எஞ்சும். அவைதான் நமக்கு வேண்டியவை. அவற்றை இரண்டு தாள்களில் பிரித்தெழுதுங்கள். நமது ஏட்டில் இருந்து ஸ்டேட்மெண்டில் இல்லாதவை ஒரு தாளில்; ஸ்டேட்மெண்டில் இருந்து நமது ஏட்டில் இல்லாதவை மற்றொன்றில்.

முதல் தாள்: காலம் சரிசெய்யும்

நமது ஏட்டில் மட்டும் இருந்த வரிகள் மூன்று. லூதியானா மொத்த வியாபாரிக்கு மே 29 அன்று கூரியரில் அனுப்பிய 38,500 ரூபாய் காசோலை. கட்டட உரிமையாளருக்கு மே 30 அன்று கொடுத்த வாடகைக் காசோலை 18,000. இரண்டும் சேர்த்து 56,500 ரூபாய். நாம் கழித்துவிட்டோம், வங்கி இன்னும் கழிக்கவில்லை. மூன்றாவது, ராயபுரத்துப் பட்டறை ஒன்றிடமிருந்து வாங்கி மே 31 அன்று வங்கியில் போட்ட 42,000 ரூபாய் காசோலை. அன்று சனிக்கிழமை. மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில்தான் வங்கிகளுக்கு விடுமுறை. அது ஐந்தாவது சனிக்கிழமை என்பதால் வங்கி திறந்திருந்தது. மறுநாள் ஞாயிறு. ஜூன் 2 அன்று பணம் வரவானது, ஸ்டேட்மெண்டின் ஜூன் வரிகளில் அது தெரிந்தது.

இவற்றுக்காக ஏட்டில் எதையும் திருத்தக் கூடாது. ஏடு சரியாகத்தான் இருக்கிறது, வங்கிதான் பின்தங்கியிருக்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் நாள் முழுவதும் தொடர்ச்சியாகத் தீர்வாகும் முறை வந்திருப்பதால், போட்ட காசோலை வரவாகும் இடைவெளி இப்போது குறைந்துவிட்டது. ஆகவே இன்று, போட்ட காசோலை ஒன்று நான்கைந்து நாளாகியும் வரவாகவில்லை என்றால், காத்திருக்காமல் செலுத்துச் சீட்டோடு வங்கியில் கேட்டுவிடுங்கள். நாம் கொடுத்த காசோலைகளுக்கு அந்த வேகம் உதவாது. வாங்கியவர் வங்கிக்குக் கொண்டுபோனால்தானே தீர்வாகும்? காசோலையின் ஆயுள் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம். அதற்குள் வராதவற்றை ஏட்டில் திருப்பி எழுதி, வாங்கியவரின் கணக்கில் அந்தத் தொகையை மறுபடியும் கொடுக்க வேண்டியதாகக் காட்ட வேண்டும்.

இரண்டாம் தாள்: நாம் எழுத வேண்டியவை

ஸ்டேட்மெண்டில் மட்டும் இருக்கும் வரிகள் நமக்குத் தெரியாமல் நடந்தவை. அக்கறையோடு படிக்க வேண்டிய தாள் இது.

முதலில் கண்ணில் பட்ட வரி ஏறக்குறைய இப்படி இருந்தது:

```
22/05  CHQ RTN  FUNDS INSUFFICIENT   25,000.00 Dr
22/05  CHQ RTN CHARGES INCL GST         177.00 Dr
```

காசிமேட்டு விசைப்படகு உரிமையாளர் ஒருவர் கொடுத்த காசோலை அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் பழுதுபார்க்கும் வேலை நடக்கும், எங்கள் கடையில் சாமான் கடனில் போகும். வலை இறங்காத மாதத்தில் அவர் கணக்கில் பணம் எங்கிருந்து வரும்? மே 20 அன்று நாங்கள் போட்ட காசோலை 21 அன்று வரவாகி, 22 அன்று பணமில்லை என்று திரும்பிவிட்டது. 21-ஆம் தேதி வரவுக்கு டிக் அடித்தாயிற்று. மறுநாள் வந்த பற்று மட்டும் டிக் இல்லாமல் நின்றது. வங்கி கொடுத்த மெமோவைக் கடைப் பையன் வாங்கிவந்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்திருந்தான்.

இதில் நாள் கணக்கு மிக முக்கியம். திரும்பிய காசோலைக்காகச் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் நடவடிக்கை எடுப்பதானால், திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மே 22 அன்று மெமோ வந்தது, ஜூன் 4 அன்று நாங்கள் கண்டுபிடித்தோம். நோட்டீஸ் அனுப்ப இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. பாய் நோட்டீஸ் அனுப்பவில்லை. நேரில் போய்ப் பேசினார், தடைக்காலம் முடிந்ததும் தருவதாகப் படகுக்காரர் சொன்னார். ஆனால் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பாவது பாய்க்கு இருந்தது. மாதாமாதம் ஒத்துப் பார்க்காமல் ஆண்டுக் கடைசியில் பார்க்கும் கடைகளுக்கு அந்த வாய்ப்பே இருக்காது.

ஏட்டில் எழுதும் முறை: வங்கியில் 25,000 கழித்து, படகு உரிமையாளரின் பேரேட்டுக் கணக்கில் அதே தொகையைப் பற்று எழுத வேண்டும். அவர் பாக்கி மறுபடியும் உயிர் பெறுகிறது. 177 ரூபாயில் 150 வங்கிக் கட்டணம், 27 அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டையும் பிரித்தே எழுதுங்கள். கடை ஜிஎஸ்டியில் பதிவு பெற்றிருந்தால், அந்த 27 ரூபாய் உள்ளீட்டு வரியாக வரக்கூடியது.

அடுத்தது கார்டு மெஷின். அந்த மாதம் கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய்க்கு விற்பனை. நாங்கள் பில் தொகையை அப்படியே வங்கி வரவாக எழுதியிருந்தோம். வங்கியில் வந்து சேர்ந்ததோ 58,584. ஒரு நாளை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். மே 13 அன்று கார்டில் இரண்டு பில்கள், 2,800-உம் 2,200-உம். மறுநாள் வங்கியில் ஒரே வரியாக 4,882 ரூபாய் வந்தது. இந்தக் கடைக்குப் பேசியிருந்த கட்டணம் 2 சதவீதம், அதாவது 100 ரூபாய்; அதன்மேல் ஜிஎஸ்டி 18 ரூபாய். 5,000-லிருந்து 118 போனால் 4,882. பில் பில்லாகத் தேடுகிறவருக்கு 2,800-உம் கிடைக்காது, 2,200-உம் கிடைக்காது. மெஷினில் நாள் முடிவில் எடுக்கும் மொத்தச் சீட்டோடு ஒத்துப் பார்த்தால்தான் அகப்படும். மாதத்துக்கு மொத்தக் கழிவு 1,416 ரூபாய். விற்பனையைக் குறைத்துக் காட்டாதீர்கள், விற்பனை 60,000-தான். 1,200-ஐக் கட்டணச் செலவாகவும் 216-ஐ ஜிஎஸ்டியாகவும் எழுத வேண்டும்.

கடைசி வரி நல்ல செய்தி. எண்ணூரில் உள்ள வாடிக்கையாளர் ஒருவர் பழைய பாக்கி 12,300 ரூபாயை நேரே வங்கிக்கு அனுப்பிவிட்டு எங்களுக்குச் சொல்லவில்லை. விவரப் பத்தியில் அனுப்பியவர் பெயர் இருந்தது. இத்தகைய வரவைக் கண்டதும் விற்பனை என்று எழுதிவிடாதீர்கள். பில் முன்பே போட்டாயிற்று, விற்பனை இரண்டு முறை ஏறிவிடும். அவரது பேரேட்டுக் கணக்கில் வரவு வைத்தால் பாக்கி தீரும். பெயர் புரியாவிட்டால், ஸ்டேட்மெண்டில் ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் தனியாக உள்ள யூடிஆர் எண்ணைக் கொண்டு வங்கியில் விசாரியுங்கள்.

ஒன்பதால் வகுக்கும் வேளை

இதுவரை கண்டவற்றை ஏட்டில் எழுதியபின் வங்கிப் பத்தியின் இருப்பு இப்படி ஆனது: 2,86,450-உடன் 12,300 கூட்டி, 25,000-உம் 177-உம் 1,416-உம் கழித்தால் 2,72,157 ரூபாய்.

மறுபக்கம் வங்கி இருப்பு 2,89,357. வராத காசோலைகள் 56,500-ஐக் கழித்து, வரவாகாத 42,000-ஐக் கூட்டினால் 2,74,857. இன்னும் 2,700 ரூபாய் இடிக்கிறது.

இப்போதுதான் ஒன்பதால் வகுக்க வேண்டும். காலத்தாலும் விடுபட்ட பதிவுகளாலும் வந்தவை எல்லாம் போய், பிழை மட்டும் மிஞ்சியிருக்கும் வேளை இது. 2,700-ஐ ஒன்பதால் வகுத்தால் 300. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஈவு 300 என்றால், நூறும் ஆயிரமும் குறிக்கும் இடங்களில் உள்ள இலக்கங்கள் மாறியிருக்க வேண்டும், அவற்றுக்கிடையே வித்தியாசம் 3 ஆக இருக்க வேண்டும். பையனிடம் சொன்னேன். ஏட்டின் வரவுப் பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போனவன், ஒரு வரியில் நிறுத்தினான். அம்பத்தூர் போல்ட்டுத் தயாரிப்பாளருக்குக் கொடுத்த காசோலை: ஏட்டில் 17,460. ஸ்டேட்மெண்டில் 14,760. அடிக்கட்டையிலும் 14,760. எண்ணை மட்டும் பார்த்து அவன் டிக் அடித்த காசோலைகளில் ஒன்று அது.

ஏடு 2,700 ரூபாய் அதிகமாகக் கழித்திருந்தது. வங்கியில் அதைக் கூட்டி, தயாரிப்பாளரின் கணக்கில் வரவு எழுதினோம். அவர் கணக்கில் கொடுக்க வேண்டியது 2,700 குறைவாகக் காட்டிக்கொண்டிருந்ததும் அத்தோடு சரியானது. அடித்து மேலே எழுதாதீர்கள். தனிப் பதிவாகத் திருத்துங்கள், காரணத்தையும் பக்கத்தில் குறியுங்கள்.

எஞ்சும் தொகை ஒன்பதால் வகுபடாவிட்டால், அதைப் பாதியாக்கிப் பாருங்கள். அந்தப் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், அது பக்கம் மாறி ஏறியிருக்கலாம். இரண்டும் பொருந்தாவிட்டால் பக்கக் கூட்டல்களையும், மேல் பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகைகளையும் மறுபடி சரிபாருங்கள். வங்கியே தவறு செய்வதும் உண்டு, ஆனால் அரிது. நம்முடைய பக்கத்தை முழுதும் சோதித்தபின்தான் அங்கே போக வேண்டும்.

பட்டியல்

முடிவில் நோட்டில் எழுதி, பாயிடம் கையொப்பம் வாங்கியது இவ்வளவுதான்:

திருத்திய ரொக்க ஏட்டின்படி இருப்பு, 31.5.2025: 2,74,857
கூட்டுக: கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகள் (38,500 + 18,000): 56,500
கழிக்க: போட்டும் வரவாகாத காசோலை: 42,000
வங்கி ஸ்டேட்மெண்டின்படி இருப்பு: 2,89,357

ஏட்டில் எழுத வேண்டியவை எல்லாம் எழுதி முடித்தபின் பட்டியலில் காலத்தால் வரும் இனங்கள் மட்டுமே இருக்க வேண்டும். வங்கிக் கட்டணமோ திரும்பிய காசோலையோ பட்டியலில் மட்டும் இருந்தால், அதை ஏட்டில் எழுத மறந்துவிட்டோம் என்று பொருள். அது அடுத்த மாதமும் அதே இடத்தில் வந்து நிற்கும். 'சில்லறை வித்தியாசம்' என்று ஒரு வரி போட்டுச் சமன் செய்வதை நான் எந்தக் கடையிலும் அனுமதிப்பதில்லை. இந்த மாதம் 2,907-க்கு அப்படி ஒரு வரி போட்டிருந்தால், படகுக்காரரின் 25,000 பாக்கி ஏட்டிலிருந்து காணாமலே போயிருக்கும்.

ஜூன் மாத வேலையைத் தொடங்கும்போது இந்தப் பட்டியல்தான் முதலில் மேஜைக்கு வந்தது. 42,000 ஜூன் 2 அன்றே வரவாகியிருந்தது, டிக். லூதியானா காசோலை அடுத்த வாரம் பணமானது, டிக். வாடகைக் காசோலை 18,000 மட்டும் ஜூன் 30 வரை வரவில்லை. கட்டட உரிமையாளரைத் தொலைபேசியில் கேட்டோம். பீரோவில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன், திரும்பியதும் போடுகிறேன் என்றார். ஜூன் பட்டியலின் முதல் வரியாக அதை எழுதி, பக்கத்தில் 'காசோலைத் தேதி மே 30, ஆகஸ்ட் 29 வரை செல்லும்' என்று குறித்துக்கொண்டோம்.